வெள்ளைக் கம்பியும் பச்சைக் கம்பியும்

ஒயர் அண்ணன் மேல் செல்போன் ரிப்பேர் கடைக்காரருக்கு இருந்த எரிச்சல், ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் போகவில்லை. போக விட்டால்தானே? இன்றைக்கும் யாராவது வந்து போனையும் ஒரு கேபிளையும் கண்ணாடி மேசைமேல் தொப்பென்று போடுகிறார்கள். "சார்ஜ் நல்லா ஏறுதுங்க. கம்ப்யூட்டர்ல சொருகினா மட்டும் போன் இருக்கிறதாவே காட்டமாட்டேங்குது. போன வாரம் நீங்க ரிப்பேர் பண்ணதுலதான் ஏதோ ஆயிடுச்சு."

பழி கடைக்காரர் தலையில். கேபிளோ, அவர் கடைக்கு எதிரே நடைபாதையில் தள்ளுவண்டி போட்டு ஒயர் அண்ணன் விற்றது. பல வருஷமாக இதே கூத்து. அண்ணன் உயிரோடு இருந்தபோது கடைக்காரர் கேபிளைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்ச் சண்டை பிடிப்பார்.

"அண்ணே, இது வெறும் சார்ஜ் ஒயருண்ணே. உள்ள நாலு கம்பி இருக்கணும். உங்க சரக்குல பாதிக்கு ரெண்டுதான் இருக்கு."

"சார்ஜ் ஏறுதா இல்லையா?"

"ஏறுது."

"அப்புறம் என்ன? ஏறாத ஒயரை ஒண்ணு காட்டு, காசைத் திருப்பித் தரேன்."

அண்ணன் ஏமாற்றுக்காரர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். வண்டியில் ஒரு பழைய போனைக் கட்டி வைத்திருப்பார். வாங்க வந்தவர் கண்ணெதிரிலேயே கேபிளைச் சொருகுவார். திரையில் பேட்டரி படம் வந்து மின்னினால் அது நல்ல கேபிள். அவர் உலகத்தில் கேபிளுக்கு அதற்கு மேல் ஒரு வேலை கிடையாது.

கடைக்காரர் பள்ளிக்கூடத்தை அரைகுறையாக விட்டவர்தான். ஆனால் இதை எல்லோருக்கும் சலிக்காமல் சொல்வார். சிவப்பும் கருப்பும் கரண்டு கொண்டுபோகிற கம்பி. வெள்ளையும் பச்சையும் பேச்சு கொண்டுபோகிற கம்பி. போன் 'நான் இன்னார், என்னிடம் இன்னது இருக்கிறது' என்று கம்ப்யூட்டரிடம் சொல்வது அந்த இரண்டில்தான். அவை இல்லாவிட்டால், மறுமுனையில் போன் என்று ஒன்று இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாமலே சோறு போட்டுக்கொண்டிருக்கும்.

அண்ணன் ஒல்லி. குரல் மட்டும் வண்டிக்கு இரண்டு மடங்கு. கழுத்தில் பத்துப் பதினைந்து கேபிளைப் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரையெல்லாம் உறவு சொல்லிக் கூப்பிடுவார். பிள்ளை இல்லை. தெருக்கோடியில் ஒற்றை அறை. அதில் அண்ணி படுத்த படுக்கையாக இருந்தார். இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. கட்டில் ஜன்னலோரம், பிளக்கோ கதவுக்குப் பக்கத்தில். எந்த கேபிளும் எட்டவில்லை. அண்ணன் இரண்டு கேபிளை வெட்டி ஒன்றாக ஒட்டி, ஒரு நீளமான கேபிள் செய்து கொடுத்தார். அண்ணி போனை நெஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு கிடப்பார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அண்ணன் வாசலிலிருந்தே கேட்பார்: "சார்ஜ் ஏறுதா?"

உள்ளேயிருந்து பதில் வரும்: "ஏறுது, ஏறுது."

நல்லாயிருக்கியா, சாப்பிட்டியா எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம்.

அண்ணி போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் வண்டி வரவில்லை. பிறகு ஒரு காலையில் அண்ணன் கடைக்குள் வந்தார். சட்டைப் பையில் பவர் பேங்க். அதிலிருந்து கிளம்பிய நீளக் கேபிள் கழுத்தைச் சுற்றி வந்து கையில் இருந்த போனில் முடிந்தது. போனை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தியிருந்தார், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சைத் தூக்கி வருகிற மாதிரி.

"தம்பி, இதைப் பிடுங்காம பார்க்கணும்."

கடைக்காரர் பார்த்தார். பேட்டரி உப்பி, போனின் முதுகு பிளந்திருந்தது. சார்ஜ் போடுகிற வாய் ஆடியது. கேபிள் முனையை ஒரு கோணத்தில் வைத்தால்தான் பிடிக்கிறதாம். அந்தக் கோணத்திலேயே அண்ணன் டேப் சுற்றி இறுக்கியிருந்தார்.

"ஐயோ அண்ணே, இதையா நெஞ்சுக்குப் பக்கத்துல வச்சிட்டு வந்தீங்க? வெடிச்சுத் தொலையும்."

"வெடிக்கட்டும். அவ பேசி வச்சிருக்கா தம்பி. நான் வண்டிக்குப் போனப்புறம் தினம் பேசிப் பதிவு பண்ணியிருக்கா. நேத்துதான் பார்த்தேன். ஒண்ணை அமுக்கினேன். 'வந்துட்டியா'ன்னா. அதோட நிறுத்திட்டேன்."

கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். போனைத் திறந்து பேட்டரியை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் அவ்வளவு பழைய போர்டு, ஒரு தடவை அணைந்தால் மறுபடி உயிர் வருமா என்பது சந்தேகம். முதலில் உள்ளே இருப்பதைக் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வைஃபை போட்டதும் திரை மங்கித் துடித்தது. உடனே நிறுத்தினார். கேபிள் வழிதான் ஒரே வழி.

பவர் பேங்கிலிருந்து பிடுங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினார். அந்த ஒரு மூச்சு நேரம் போன் தாங்கியது. பேட்டரி படம் வந்தது. கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. ஒரு சத்தம்கூட இல்லை. வேறு ஓட்டையில் போட்டார். போனைப் பவர் பேங்குக்கு மாற்றிவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு மறுபடி சொருகினார். போன் பச்சை வெளிச்சத்தில் கரண்டைக் குடித்துக்கொண்டே கிடந்தது. வாயைத் திறக்கவில்லை.

கேபிள் மேல் சந்தேகம் வராமல் இல்லை. ஆனால் பிளக்கின் வாய்க்குள் நாலு தகடும் பளபளவென்று இருந்தன, கேபிளும் தடிமன். போன் முனையைப் பிடுங்கி வேறு கேபிள் போடவும் முடியாது. ஆடுகிற அந்த வாய் மறுபடி பிடிக்காவிட்டால் எல்லாம் போச்சு.

அண்ணன் மெல்லச் சொன்னார். "அவளுக்கு இஷ்டம் இல்லை போல, தம்பி. விட்டுடு."

"சும்மா இருங்கண்ணே."

"நான் போட்டதை வாங்கிக்கிறா. திருப்பி ஒரு வார்த்தை தரமாட்டேங்கிறா. கோவம்தான். பகலெல்லாம் தனியா விட்டுட்டுப் போனேன்ல?"

பட்டப்பகல், வெளியே பஸ் சத்தம், ஆனாலும் அந்தப் போனைத் தொடக் கடைக்காரருக்கு மனம் வரவில்லை. திரை தானாக மங்கியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. நல்ல கேபிளாக இருந்தால் இந்தப் போன் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும்: சார்ஜ் மட்டும் போதுமா, உள்ளே இருப்பதையும் எடுக்க வேண்டுமா என்று. இது கேட்கவே இல்லை. கம்ப்யூட்டரில் சொருகியிருப்பதே இதற்குத் தெரியாது.

"அண்ணே, கழுத்துல இருக்கிற மீதி ஒயரையும் கழட்டுங்க."

அண்ணன் கழற்றினார். சட்டைக் காலருக்கு அடியில் இவ்வளவு நேரம் மறைந்திருந்த முடிச்சு மேசைக்கு வந்தது. கருப்பு டேப் சுற்றி, பாம்பு இரை விழுங்கிய மாதிரி.

"இது கட்டிலுக்கு நீங்க செஞ்சு கொடுத்த ஒயர்தானே? இதுக்குள்ள எத்தனை கம்பியைச் சேர்த்தீங்க?"

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "சிவப்பும் கருப்பும். மத்த ரெண்டும் தலைமுடி மாதிரி இருந்துச்சு. சீவும்போதே அறுந்து அறுந்து போச்சு. வெட்டிப் போட்டுட்டேன். சார்ஜ்தான் ஏறுச்சே..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். வருஷக்கணக்காக எதிர்ச்சாரியிலிருந்து கேட்ட சண்டை இப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது முகம்.

கடைக்காரர் திட்டவில்லை. கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி மறுபடி பவர் பேங்கில் போட்டார். டேப்பைப் பிரித்தார். சிவப்பையும் கருப்பையும் அசைக்காமல், ஒன்றையொன்று தொட்டுவிடாமல் நடுவே ஒரு காகித அட்டையைச் செருகினார். மேலுறையை இன்னும் கொஞ்சம் சீவியதும் இரண்டு பக்கமும் வெள்ளையும் பச்சையும் அறுபட்ட நுனியோடு எட்டிப் பார்த்தன. துண்டுக் கம்பி வைத்து, வெள்ளைக்கு வெள்ளை, பச்சைக்குப் பச்சை, சூட்டுக்கோலால் ஈயம் வைத்து ஒட்டினார். அண்ணன் இரண்டு கையாலும் போனை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

"பிடுங்கி மாத்திப் போடணும்ணே. அப்பதான் ரெண்டும் புதுசா பேச ஆரம்பிக்கும். தாங்குமா?"

"அவளைக் கேளு."

பிடுங்கினார். திரை மங்கியது. கருத்தது. சொருகினார். கருப்பாகவே இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிறகு போன் அதிர்ந்தது, வெளிச்சம் வந்தது. கம்ப்யூட்டர் டிங் என்றது. போன் திரையில் அந்தக் கேள்வி நின்றது. கடைக்காரர் பதிலைத் தொட்டார். அண்ணியின் பதிவுகள் வரிசை வரிசையாக இறங்கின. அண்ணன் பவர் பேங்கை வெறுமனே தடவிக்கொண்டிருந்தார்.

முதல் பதிவைப் போட்டார்கள். மின்விசிறிச் சத்தம். அப்புறம் குரல்.

"வந்துட்டியா?"

வெறும் மின்விசிறி.

"ஏறுது, ஏறுது."

மறுபடி வெறும் மின்விசிறி. பிறகு, "அதுக்குத்தான் சொன்னேன் தொப்பி போட்டுட்டுப் போன்னு. கேட்டாத்தானே."

கடைக்காரருக்கு அப்போது விளங்கியது. அண்ணன் வண்டியில் நின்ற பகலெல்லாம், அண்ணி அந்த அறையில் அவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் பேச வேண்டிய இடத்துக்கு இடம் விட்டு.

பேட்டரி மாற்றத் திறந்த போன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. குரல் கம்ப்யூட்டரில் இருந்தது. அண்ணன் தினமும் மத்தியானம் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, கடை மூலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். கொஞ்ச நாளில் பதில் சொல்லத் தொடங்கினார். வந்தவர்கள் ஆள் போனில் பேசுகிறார் என்று நினைத்தார்கள். கடைக்காரருக்கு ஒரு பக்கம்தான் கேட்கும். "இல்லடி, இன்னைக்குக் கூட்டம் இல்லை." அப்புறம் அமைதி. "சேலைக்குத் தகுந்த கலர்ல கேபிள் கேட்டா ஒருத்தி. என் தலைமுடிக் கலர்தான் இருக்குன்னேன்." அப்புறம் அவரே சிரிப்பார்.

ஒரு நாள் ஹெட்போன் கழன்று ஸ்பீக்கரில் கேட்டுவிட்டது. அண்ணன் அந்தக் கேபிள் ஜோக்கைத்தான் மறுபடி சொல்லி முடித்தார். முடித்த கணத்தில் அண்ணி சிரித்தார். எப்போதோ, ஆளில்லாத அறையில், எதற்கோ சிரித்த சிரிப்பு. கச்சிதமாக அந்த இடத்தில் வந்து விழுந்தது. கடைக்காரர் சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். அன்று அவருக்கு வேலை ஓடவில்லை.

அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து நடமாட்டம் குறைந்ததும், கடைக்காரர் தெருக்கோடி அறைக்குப் போனார். ஜன்னலோரம் அதே கட்டில். அதில் இப்போது அண்ணன்.

"அண்ணே, எல்லாத்தையும் ஒரு மெமரி கார்டுல போட்டு, சின்ன ரேடியோ மாதிரி செஞ்சு தரேன். படுத்துட்டே கேட்கலாம். நடுவுல சும்மா ஃபேன் சத்தமா ஓடுறதையெல்லாம் வெட்டிட்டா, பேச்சு மட்டும் சேர்ந்தாப்புல வரும்."

அண்ணன் அவர் கையைப் பிடித்தார். பிடியில் அவ்வளவு பலம் இருக்கும் என்று கடைக்காரர் எதிர்பார்க்கவில்லை.

"அதை வெட்டிடாதே தம்பி. நான் பேசுற இடம் அது."