காத்திருப்பைக் குறைத்த வரி

கழக்கூட்டத்தில் நான் பல வருடம் வேலை பார்த்த ஐ.டி. அலுவலகம் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். மறு வாரமே என் ரெஸ்யூமேயுடன் தோழி வீட்டுக்குப் போனேன். நாகர்கோவில்காரி. வேறொரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தாள்.

ஒரு மருத்துவமனைக்காகச் செய்த பதிவு மென்பொருளைப் பற்றி ஆறு வரி எழுதியிருந்தேன். படித்துவிட்டு முகம் சுளித்தாள்.

“எட்டி, எந்த டீமு, எந்த டூலுன்னுதான் கெடக்கு. நெலமை என்ன, நீ என்ன செய்த, அதுனால என்ன ஆச்சு? மூணும் ஒத்த வரியில வரணும், கேட்டியா.”

நிலைமை நினைவிருந்தது. பழைய நோயாளியின் விவரத்தைத் தேடினால் திரை நாற்பது வினாடி சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் வரிசை வாசலைத் தாண்டிவிடும். தேடலை மாற்றி எழுதி, தேடியது சட்டென்று கிடைக்க டேட்டாபேஸில் இன்டெக்ஸ் சேர்த்தேன். திரை இரண்டு வினாடியில் திறந்தது. அதோடு நாங்கள் அடுத்த புராஜெக்ட்டுக்குப் போய்விட்டோம்.

“வரிசையில நின்னவங்களுக்கு என்ன ஆச்சு? அங்க யாரையாவது விளிச்சுக் கேளு” என்றாள்.

பதிவுக் கவுண்டரில் இருந்த பாறசாலைக்கார அக்காவுக்கு ஸ்பீக்கரில் போட்டு ஃபோன் செய்தேன். பயிற்சி கொடுக்கப் போன நாட்களில் பழக்கம். என்னை நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

“ஓர்மை இல்லாம இருக்குமா மேடம்! முன்ன ஒரு மணிக்கூர் நின்னாத்தான் சீட்டு கிட்டும். இப்போ இருபது நிமிஷந்தான். பெரிய உபகாரம்.”

தோழி அதைக் குறித்துக்கொண்டாள். ஃபோனை வைப்பதற்கு முன்னால், கவுண்டரில் அக்காவோடு இருந்த பெண்களைப் பற்றியும் விசாரித்தேன்.

“நாலு கவுண்டர் ரெண்டாச்சுல்லா. திரக்கு, கூட்டம் இல்லாத இடத்துல எதுக்கு நாலுன்னு ரெண்டு பேரைப் பறஞ்சு விட்டாங்க. ஒருத்தி துணிக்கடையில நிக்கா. மத்தவ சொந்த ஊரு விதுராவுக்கே போயிட்டா. உங்க வேலை எப்படி மேடம் போகுது?”

நல்லா போகுது என்றேன்.

“கவுண்டர் பாதியாச்சுன்னும் போடலாம். கம்பெனிக்காரங்களுக்கு அதான் பிடிக்கும்” என்று தயங்கிச் சொன்னாள் தோழி. வேண்டாம் என்றேன். அவளும் வற்புறுத்தவில்லை. ஆங்கிலத்தில் நாங்கள் எழுதிய வரி இதுதான்: ‘நோயாளி விவரம் திறக்க நாற்பது வினாடி எடுத்த மருத்துவமனைப் பதிவு மென்பொருளில், தேடலை மாற்றி எழுதி, இன்டெக்ஸ் சேர்த்து, வரிசைக் காத்திருப்பை ஒரு மணி நேரத்திலிருந்து இருபது நிமிடமாகக் குறைத்தேன்.’ ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

நேர்முகத்தில் அதிகாரி அந்த வரியில்தான் நின்றார். “ஆள் தேவையும் குறைஞ்சிருக்குமே?”

“நாலு பேர் செஞ்ச வேலையை ரெண்டு பேர் செய்யறாங்க” என்றேன்.

“அதை ஏன் எழுதல? அதுதானே பெரிய ரிசல்ட்!” என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வேலை கிடைத்தது. தோழி ஃபோனில் சந்தோஷமாகக் கத்தினாள். பாறசாலை அக்காவிடமும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எண்ணை எடுத்துப் பார்த்தேன். அழைக்க மனம் வரவில்லை.