நாற்பத்திரண்டாம் நம்பர் கோட்டு

அந்த ஹோட்டல் சமையலறையில் அவர் பெயர் சூப் அண்ணன். பத்தொன்பது வருடமாக சூப் அடுப்பு அவருடையதுதான். யார் தொப்பையையும் வாய்கூசாமல் கிண்டலடிப்பார். அவருடையதைப் பற்றி யாராவது வாய் திறந்தால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

புதுச் சீருடைக்கு அளவெடுத்தவர் அண்ணனுடைய மனைவியின் தம்பி. சீருடை அறை அவர் பொறுப்பு.

“மாமா, இந்தக் கோட்டை மாட்டி, பட்டன் எல்லாம் போட்டுட்டு உங்களையே கட்டிப்பிடிங்க. அப்புறம் ரெண்டு கையையும் முன்னால நீட்டி, மேல தூக்குங்க. முதுகு இழுத்தா பெரிய சைஸ்தான். துவைச்சா வேற சுருங்கும். உங்களுக்கு நாப்பத்தாறு.”

பின்னால் வரிசையில் நின்ற கேக் செய்யும் பெண் களுக்கென்று சிரித்தாள். எதற்குச் சிரித்தாளோ! அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

“நாப்பத்திரண்டு எழுதுடா.”

மூச்சை இழுத்துப் பிடித்து, கையைத் தொங்கவிட்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்று காட்டினார். பட்டன் பூட்டிக்கொண்டது. கையை மட்டும் தூக்கவேயில்லை. அக்கா வீட்டுக்காரரிடம் யார் மல்லுக்கட்டுவது என்று மச்சினனும் எழுதிக்கொண்டார்.

நான்கு சலவைக்குப் பிறகு அக்குள் பிடித்தது. கரண்டியால் கிண்டவே தோள் கெஞ்சியது. கேட்டு மாற்றிக்கொள்ளலாம்; ஆனால் கேட்டால் நம்பர் வெளியே வருமே.

ஒரு மதியம், கொதிக்கும் சூப் பாத்திரத்தைத் தூக்கிப் பரிமாறும் மேடையின் மேல்தட்டில் வைக்கப் போனார். நெஞ்சு உயரத்துக்கு மேல் கை ஏறவில்லை. கோட்டு பிடித்து நிறுத்தியது. பாத்திரம் சாய்ந்தது. பக்கத்தில் பால் எடுக்க வந்த கேக் செய்யும் பெண்ணின் முழங்கையிலிருந்து விரல்வரை சூப் கொட்டியது.

“என்ன ஆச்சு?” என்று ஓடிவந்தார் தலைமைச் சமையல்காரர்.

“இந்தப் பொண்ணு குறுக்க வந்துடுச்சு சார்.” அந்தச் சொல் அண்ணன் வாயிலிருந்துதான் வந்தது.

குழாயடியில் கையை நீட்டியிருந்த அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். “ஆமா சார், நான்தான் கவனிக்கல. அண்ணா, உங்க மேல ஒண்ணும் படலயே?”

அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரும்பி அடுப்பைத் துடைத்தார். மறுநாள் முழுக்கத் துடைத்தார். கை ஆறியதும் அவளைக் கேக் மேசையிலிருந்து பாத்திரம் கழுவும் பக்கம் மாற்றப்போவதாகப் பேச்சு அடிபட்டது. அவள் ஆசைப்பட்டு நான்கு வருடம் காத்திருந்து வாங்கிய மேசை அது. தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, எல்லாரும் கூடி வேலை பிரிக்கும் நேரம். கட்டுப்போட்ட கையோடு அவளும் வந்திருந்தாள். அண்ணன் நடுவில் வந்து நின்றார்.

“சார், அவ குறுக்க வரல. இதப் பாருங்க.”

இரண்டு கையையும் தூக்கினார். கோட்டு வயிற்றுக்கு மேல் ஏறியது; கை தோளோடு நின்றது. இன்னும் தூக்கினார். முதுகுத் தையல் டர்ரென்று கிழிந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

“என் சைஸ் நாப்பத்தாறு,” என்றார். அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.