ஆறாம் பக்கத்துத் தொழிற்சாலை

எனக்குக் கற்பனை வராது என்பதை என் மனைவி கல்யாணமான முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். பொய் சொன்னால் நாக்கு குழறும். அப்படிப்பட்ட நான், நாற்பத்தேழு வயதில், சோலார் பேனல் விற்பதற்காக ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்தேன். அது நிஜமாகவே இருந்தது.

சாலைக் கடைத்தெருவில், பைப்பும் மோட்டாரும் விற்கும் கடைக்கு மாடியில் எங்கள் சோலார் பிரிவு. பிரிவு என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. வீட்டு மாடிகளில் வெந்நீர் சோலார் சிலது போட்டிருந்தோமே தவிர, ஒரு தொழிற்சாலைகூடப் படியவில்லை. கடை முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்பார்கள்.

"இந்த மாசம் நாலு ஃபேக்டரிக்காரன் நம்மள வந்து பாருங்கன்னு கூப்பிடணும் வே. இல்லன்னா மேல பூட்டிட்டு நீரு கீழ வந்து பைப்பு அளக்கலாம்" என்றார். பைப்பு அளப்பது கேவலமில்லை. ஆனால் எனக்கு முழங்கால் வலி.

தொழிற்சாலை முதலாளிகளுக்குக் கொடுக்க ஒரு ஒயிட்பேப்பர் போடலாம் என்றேன். பன்னிரண்டு பக்கக் கையேடு. அண்ணாச்சி தானே ஒரு மாதிரிப் பிரதி எழுதி வைத்திருந்தார். முதல் பக்கத்தில் மாலையோடு அவர் போட்டோ, இரண்டாம் பக்கத்தில் கடையின் வரலாறு, மூன்றாம் பக்கத்தில் பேனல் போட்டோ.

"இதை எவன் வாசிப்பான் அண்ணாச்சி? அவனுக்கு அவன் கஷ்டம்தான் பெரிசு."

எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன். முதல் மூன்று பக்கங்களில் எங்கள் பெயரே கிடையாது. கரண்ட் போனால் என்னென்ன நின்றுபோகிறது என்பது மட்டும். அடுத்து, முதலாளி தன் கையாலேயே தன் நஷ்டத்தை எழுதிப் பார்க்கக் காலிக் கட்டங்கள். அவரே எழுதிய எண்ணை அவர் நம்பாமல் இருக்க முடியாது. அடுத்த பக்கத்தில் ஜெனரேட்டர், இன்வெர்ட்டர், சோலார் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அங்கேயே, எங்கள் சோலார் பெரிய மோட்டாரை ஓட்டாது, விளக்கு, ஃபேன், ஆபீஸ் இவற்றைத்தான் பேட்டரியோடு தாங்கும் என்றும் எழுதினேன். அண்ணாச்சி அந்த வரியைப் பேனாவால் மூன்று முறை அடித்தார். நான் நாலு முறை எழுதினேன். மோட்டார் ஓட்டுகிறவன் கூப்பிட்டு, நாம் போய்க் கைவிரிப்பதைவிட, அவன் கூப்பிடாமலே இருப்பது நல்லது. கடைசிப் பக்கத்தில்தான் எங்களைப் பற்றி நாலு வரியும், கிழித்துத் தபாலில் போடும் அட்டையும். அட்டையில் நாலே கேள்வி: பெயர், போன், கூரை ஓடா தகரமா ஆஸ்பெஸ்டாஸா, ஜெனரேட்டர் தினம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது. அதற்குப் பதிலாக இலவசமாகக் கூரையைப் பார்த்துத் தருவோம்.

ஆறாம் பக்கத்தில் ஒரு வாடிக்கையாளரின் அனுபவம் வேண்டும். எங்களிடம் தொழிற்சாலை வாடிக்கையாளரே இல்லை. அதனால் எழுதினேன்.

மசாலாப் பொடி அரைக்கும் ஒரு தொழிற்சாலை. தகரக் கூரை. பின்னால் ஜெனரேட்டர் ஷெட். மழை மத்தியானம் கரண்ட் போகிறது. ஒரு தொழிலாளி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஜெனரேட்டரைக் கிளப்ப இரண்டு கையாலும் இஞ்சின் ஹேண்டிலைச் சுற்றுகிறான். ஹேண்டில் திருப்பி அடிக்கிறது. கை உடைகிறது. இது என்னுடைய தலையில் எங்கிருந்து வந்ததோ தெரியாது. எழுதும்போது மசாலா நெடிகூட அடித்தது, கீழே ஹோட்டல் என்று நினைத்துக்கொண்டேன். தலைப்பு: 'உண்மைச் சம்பவம்'.

தொழிற்பேட்டை சங்கக் கூட்டத்தில் கையேட்டை வைத்தோம். பத்து நாளில் ஒரே ஒரு அட்டை வந்தது. மசாலாப் பொடித் தொழிற்சாலை. கூரை: தகரம். நாலு கேள்விக்கும் பதில் எழுதி, கீழே கேட்காத ஒரு வரி: 'ஆறாம் பக்கத்தை எழுதியவர் நேரில் வரவும்.'

அண்ணாச்சிக்கு ஒரே சந்தோஷம். "பாத்தீரா, உம்ம எழுத்துக்கு ரசிகர்!"

மழை தூறிக்கொண்டிருந்த மத்தியானம் போனேன். கேட்டுக்குள் காலை வைத்ததும், எழுதும்போது அடித்த அதே மசாலா நெடி. பின்னால் ஷெட் எங்கே என்று யாரையும் கேட்காமலே அந்தப் பக்கம் திரும்பினேன். ஷெட் அங்கேதான் இருந்தது.

முதலாளி ஐம்பதை ஒட்டிய ஒரு பெண்மணி. ஆபீசில் என் கையேடு ஆறாம் பக்கத்தில் திறந்து கிடந்தது. அருகில் தொழிற்சாலையின் எலக்ட்ரீசியன் தலைகுனிந்து நின்றார்.

"இது யாரு சொன்னது உங்ககிட்ட?" என்றார் அந்த அம்மா.

"மேடம், இது பொதுவா..."

"பொதுவா எவன் டார்ச்சைப் பல்லுல கடிப்பான்? அன்னிக்கு ஷெட்ல ரெண்டு பேருதான். ஒருத்தன் கை உடைஞ்சு போனவன், அவன் திரும்பி வரவே இல்ல. சம்பளம்கூட வாங்கல்ல. இன்னொருத்தன் இவன். அவன் வீட்ல விழுந்து கை உடைஞ்சதுன்னுதான் நான் ரெஜிஸ்டர்ல எழுதி வச்சிருக்கேன். இவன்தான் விஷயத்தை உங்ககிட்ட வித்திருக்கான்."

"சத்தியமாட்டு நான் ஆர்கிட்டயும் பறஞ்சதில்ல அம்மா" என்றார் எலக்ட்ரீசியன். அந்த ஊரில் எல்லாரையும்போல மலையாளம் கலந்த தமிழ். "இருபத்திரண்டு வருஷம் இங்க நின்னேன். இந்த சாரை நான் இப்பத்தான் காணுதேன்."

"இன்னிக்கோட மதி. நீ போகலாம்."

அட்டை ஒன்றுதான், அதுவும் என் கையைவிட்டுப் போகப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. 'யாரோ பஸ்ஸில் சொன்னார்கள்' என்று சொல்லியிருந்தால் ஆர்டர் கிடைத்திருக்குமோ என்னவோ. ஆனால் எனக்கு நாக்கு குழறும்.

"மேடம், அது பொய். நான் உக்காந்து எழுதினது. எங்களுக்கு ஃபேக்டரி கஸ்டமரே கிடையாது. உண்மைச் சம்பவம்னு போட்டது என் கொழுப்பு. இவரை எனக்குத் தெரியாது."

அந்த அம்மா ஆறாம் பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். "பொய்யா?"

"முழுப் பொய்."

"அப்ப எந்தக் கை உடைஞ்சது? அதை நீங்க எழுதல்ல. பொய்யாட்டே சொல்லுங்க பாப்போம்."

"இடது கை" என்று என் வாய் சொல்லிவிட்டது. யோசிக்கவே இல்லை.

எலக்ட்ரீசியன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. பயந்தது நானா அவரா என்று சொல்ல முடியாது.

"இதை நான் சொல்லல்ல அம்மா" என்றார் மெதுவாக. "அடிபட்டது இருட்டு ஷெட்டுல. கட்டு போட்டப்ப நீங்கதான் கூட இருந்தீங்க. எந்தக் கைன்னு எனக்கே ஓர்மை இல்ல."

"இடதுதான்" என்றார் அந்த அம்மா, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல. கையேட்டை மூடினார்.

அப்போதுதான் கரண்ட் போனது. அரைக்கும் இயந்திரங்கள் பெருமூச்சு விடுவதுபோல ஒவ்வொன்றாக நின்றன. மழைச் சத்தம் மட்டும் தகரத்தில் கேட்டது. யாராவது போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். எலக்ட்ரீசியன் நகரவில்லை. நீ போ என்று அந்த அம்மாவும் சொல்லவில்லை. நான் போகிற ஆளே இல்லை. மூன்று பேரும் ஷெட் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தோம். அங்கே எந்தச் சத்தமும் வரவில்லை. வந்துவிடுமோ என்றுதான் மூவரும் காத்திருந்ததாக எனக்குத் தோன்றியது.

கடைசியில் அந்த அம்மாதான் பேசினார். "நீ போக வேண்டாம்" என்றார் எலக்ட்ரீசியனிடம். "ஷெட்டுக்கும் வேண்டாம், வீட்டுக்கும் வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பாமலே, "மோட்டார் ஓடாதுன்னு எழுதியிருக்கீங்க, அல்லே? ஓட வேண்டாம். உள்ளே வெளிச்சம் இருந்தா மதி."

எத்தனை ட்யூப்லைட், எத்தனை மணி நேரம் எரியணும் என்று கேட்டேன். எழுதப் பேனா எடுத்தேன். இருட்டில் தாள் தெரியவில்லை. எலக்ட்ரீசியன் பாக்கெட்டிலிருந்து டார்ச்சை எடுத்து, கையிலேயே பிடித்துக்கொண்டு, காட்டினார்.