யாரு, எப்போ?

லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் அலுவலகத்தில் மேற்பார்வையாளர் அக்காவுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘யாரு எப்போ’. திங்கள் காலைக் கூட்டத்தில் நாற்காலி கிடையாது, நின்றபடியே கால்மணி நேரம்தான். போன வார வேலைகள் முடிந்தனவா என்று முதலில் கேட்பார். யாராவது வாதம் வளர்த்தால், “அதை நீங்க ரெண்டு பேரும் அப்புறம் தனியா பேசுங்க” என்று வெட்டிவிடுவார். ஒவ்வொரு வேலைக்கும் பலகையில் ஒரே ஒரு பெயர், ஒரு தேதி. “பாத்துக்கலாம்” என்று சொன்னால் எரிந்து விழுவார். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்தான்.

ஒரு திங்கள் கூட்டத்தின் கடைசியில், “புதன்கிழமை ஆஸ்பத்திரில சேர்றேன். பெரிய ஆபரேஷன். இந்தக் கூட்டத்தை இனிமே யாரு நடத்துறது?” என்றார்.

“எல்லாரும் சேர்ந்து பாத்துக்கறோம்க்கா,” என்றார் எலெக்ட்ரீஷியன்.

“எல்லாரும்னா யாருமே இல்லன்னு அர்த்தம். ஒரு பேரைச் சொல்லுங்க.”

“நான் நடத்துறேன்,” என்றேன். “அடுத்த திங்கள்லேர்ந்து.”

பலகையில் எழுதினார். எனக்கு மனசு கேட்கவில்லை. மார்க்கரை வாங்கி, ‘அக்கா திரும்பி வருவது’ என்று அடியில் எழுதி நீட்டினேன்.

அவர் சிரித்தபடி தன் பெயரை எழுதினார். தேதிக்கான இடத்தில் கை நின்றது.

“பாத்துக்கலாம்,” என்றார்.

இப்போது கூட்டத்தை நான்தான் நடத்துகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் யாரும் அழிப்பதில்லை.