விடைக்குறிப்பில் இல்லாத நான்கு மார்க்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம். தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் பரீட்சை ஹால்தான் விடைத்தாள் திருத்தும் முகாம். மின்விசிறி வெந்நீரைக் கலக்குவதுபோல் காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. பி.எஸ்ஸி. கணிதம், தமிழ்வழித் தாள்கள். எனக்கு அது மூன்றாவது முகாம். கணிதத்தில் கவிதை இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த காலம். இப்போதும் நம்புகிறேன், யார் சிரித்தாலும்.

ஒரு கேள்வி இப்படி இருந்தது: டேன் எக்ஸ் என்ற சார்பு, அது வரையறுக்கப்பட்ட இடமெங்கும் ஒன்றுக்கொன்று என்று சராசரி மதிப்புத் தேற்றத்தால் நிரூபி. அதாவது, இரண்டு வெவ்வேறு எண்களுக்கு ஒரே விடை வராது என்று காட்ட வேண்டும். எங்களுக்குக் கொடுத்த விடைக்குறிப்பும் அதற்கேற்ப இரண்டே வரி. வகைக்கெழு, அதாவது சார்பு மாறும் வேகம், செக் வர்க்கம், எங்கும் மிகை, ஆகவே ஒன்றுக்கொன்று. ஐந்து மார்க். மூன்று நாளாக அந்த இரண்டு வரியைத்தான் எல்லாத் தாளிலும் பார்த்தேன், மனப்பாடம் செய்த அதே வரிசையில். நானும் யோசிக்காமல் ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டு போனேன். அதை ஒளிக்க மாட்டேன்.

பிறகு ஒரு தாள். சாய்ந்து சாய்ந்து ஓடும் கையெழுத்து. முதல் வரியே, "வினாவில் உள்ள கூற்று தவறு."

அடுத்த வரி: டேன் பூஜ்யம், பூஜ்யம். டேன் பை, அதுவும் பூஜ்யம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

முன்னோக்கி மட்டுமே ஓடும் ரயில் ஒரே ஸ்டேஷனை இரண்டு முறை பார்க்காது. தேற்றம் சொல்வது அதைத்தான், ஆனால் தண்டவாளம் அறுபடாமல் இருக்க வேண்டும். டேனின் தண்டவாளம் பை பை-டூவில், அதாவது பையில் பாதித் தூரத்தில், அறுந்து கிடக்கிறது. வண்டி உயரே உயரே போய் மறைந்து, அந்தப் பக்கம் பாதாளத்திலிருந்து மறுபடி ஏறுகிறது. பூஜ்யத்தை இரண்டாம் முறை கடக்கிறது. வகைக்கெழு எங்கும் மிகைதான், இருந்தும் கூற்று பொய்.

அந்த மாணவர் அதோடு நிற்கவில்லை. மைனஸ் பை பை-டூவுக்கும் பை பை-டூவுக்கும் நடுவில் மட்டும் எடுத்துக்கொண்டால் உண்மை என்று நிரூபித்திருந்தார். அங்கே இரண்டு வேறு எண்களுக்கு ஒரே மதிப்பு என்று வைத்துக்கொள், நடுவில் ஏதோ ஒரு புள்ளியில் வகைக்கெழு பூஜ்யமாக வேண்டும், செக் வர்க்கமோ ஒன்றுக்குக் குறையவே குறையாது, எனவே முடியாது. மொத்தம் ஏழே வரி. மற்ற கேள்விகளின் கூட்டல் முப்பத்தேழு. நாற்பது எடுத்தால் தேர்ச்சி.

பக்கத்தில் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வரும் லெக்சரர். அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "பையன் சாமர்த்தியசாலி. சீஃப்கிட்ட போகாதீங்க மேடம், பேஜாராயிடும்," என்றார்.

போனேன். தலைமைத் தேர்வாளர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர், குரல் உயராத மனிதர். கீயில், அதாவது விடைக்குறிப்பில், இல்லாததற்கு மார்க் கிடையாது என்றார்.

"கீ தப்பு, சார்."

ஹாலில் பேனாக்கள் நின்றன.

"கேள்வியே தப்புன்னு எழுதுறவனுக்கு மார்க் போட்டா நாளைக்கு எல்லாரும் அதையே எழுதுவான்."

"எழுதட்டும் சார். நிரூபிச்சா போடுவோம். டேன் பை எவ்வளவு, சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று நாள் கட்டுகள் ஏற்கெனவே திருத்தி சீல் வைத்தாகிவிட்டது, இதைத் திறந்தால் எல்லாவற்றையும் திறக்க வேண்டும், அதற்கு யார் பதில் சொல்வது என்று மெல்லக் கேட்டார். நான் கேட்ட நொடியிலேயே விடை அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"நான் சொல்றேன், சார். எழுதியே தர்றேன்."

கேள்வியும் கீயும் தவறு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், அவர் மேஜையிலேயே நின்றுகொண்டு. பிறகு விடைத்தாளில் சிவப்பு மையில் நான்கு போட்டேன். ஐந்து இல்லை, அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே சார்பு தொடர்ச்சியானது என்று சொல்லாமல் விட்டிருந்தார், அதற்கு ஒன்று குறைத்தேன். இரக்கத்துக்குப் போட்ட மார்க் என்று ஒருவரும் சொல்லக் கூடாது. நாற்பத்தொன்று. பக்கத்தில் முழுக் கையெழுத்து.

சீஃப் நான் எழுதிக் கொடுத்ததைப் படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தோணலை, மேடம்."

"வேணாம், சார்."

உட்கார்ந்து அடுத்த தாளைத் திறந்தேன். அதே கேள்வி, அதே இரண்டு வரி, குண்டு குண்டாக, அடித்தல் இல்லாமல். பொய்யை நிரூபி என்று கேட்டது நாங்கள். நம்பி எழுதிய இந்தப் பிள்ளையைத் தண்டிக்க எனக்கு என்ன உரிமை? ஐந்து போட்டேன். ஓரத்தில், யார் படித்தாலும் படிக்காவிட்டாலும், சிவப்பில் எழுதினேன்: இது தவறு, தவறு எங்களுடையது. அன்று மாலைவரை ஒவ்வொரு தாளிலும் எழுதினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.