பத்தொன்பதரை அக்கா

எங்கள் பள்ளி வேதியியல் லேபில் உதவியாளராக இருந்த பெண்ணைப் பிள்ளைகள் பத்தொன்பதரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. இருபத்தேழு வருஷம் அந்த லேபில் உழைத்தவள். படித்தது எட்டாம் வகுப்பு. ஆனால் அலமாரியில் உள்ள நூற்றுச் சொச்சம் பாட்டில்களில் எதைக் கேட்டாலும் திரும்பிப் பார்க்காமலே எடுத்துக் கொடுப்பாள். அவளுடைய புடவைகளில் அமிலம் பட்ட ஓட்டை இல்லாத புடவை ஒன்றுகூடக் கிடையாது.

நான் அங்கே வேதியியல் ஆசிரியர். லேபுக்குள் கால் வைக்க எனக்கு எப்போதும் சோம்பல். முப்பது பிள்ளைகள், முப்பது பியூரெட், உடைவது பாதி, சிந்துவது மீதி. நான் முன்னால் நின்று ஒரு தடவை செய்துகாட்டினால் போதாதா என்று ஆசிரியர் கூட்டங்களில் வாய் கிழியப் பேசுவேன். அவள் மட்டும் கதவோரம் நின்று, "தொட்டுப் பாக்காம என்ன சார் படிப்பு" என்பாள். கூட்டத்தில் பேச அவளுக்கு உரிமை இல்லை. இருந்தாலும் பேசுவாள்.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். பொதுத்தேர்வில் வரும் பெரிய சோதனை, காரத்தை அமிலத்தால் தரம்பார்ப்பது. பிப்பெட்டில் இருபது மில்லி காரத்தை எடுத்துக் குடுவையில் விட்டு, நிறங்காட்டி இரண்டு சொட்டு சேர்த்தால் இளஞ்சிவப்பாகும். அளவுக்கோடு போட்ட நீளக் குழாயான பியூரெட்டிலிருந்து அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எந்தச் சொட்டில் நிறம் போகிறதோ அங்கே நிறுத்தி அளவைப் படிக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த அளவு பத்தொன்பதரை மில்லி. அதிலிருந்து விலகினால் நான் மதிப்பெண்ணை வெட்டுவேன். பிள்ளைகள் அழுவார்கள். அவளுக்கு மனசு கேட்காது. பியூரெட்டில் கசிவு பார்ப்பதுபோல் மேஜை மேஜையாகப் போய், "பத்தொன்பதரை, கண்ணு, பத்தொன்பதரை" என்று காதோடு சொல்லிவிடுவாள். எனக்கு அது தெரியும். தெரியாததுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

போன வருஷம் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். லேபை மூடிவிட்டு அங்கே கம்ப்யூட்டர் அறை கொண்டுவரலாமா என்று அவருக்கு ஒரு யோசனை. "நீங்கதான் சார் எப்பவும் செஞ்சு காட்டுனா போதும்னு சொல்றீங்க. அது உண்மையான்னு பாத்துடலாம்" என்றார்.

ஏற்பாடு எளிமையானது. ஒரு மாதம் 'அ' பிரிவுப் பிள்ளைகள் லேபில் தாங்களே செய்ய வேண்டும். 'ஆ' பிரிவு வகுப்பில் உட்கார்ந்து நான் செய்வதைப் பார்க்க வேண்டும். கடைசியில் வேறு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்து இரண்டு பிரிவுக்கும் ஒரே செய்முறைத் தேர்வு வைப்பார். 'அ' பிரிவு ஜெயித்தால் லேப் இருக்கும். தோற்றால் மூடப்படும், அவள் அலுவலகத்துக்குக் கோப்பு தூக்கப் போக வேண்டும்.

அந்த ஒரு மாதம் அவளைப் பார்க்க வேண்டுமே! பியூரெட்டுகளின் திருகுக்கெல்லாம் வாசலின் தடவினாள். குடுவைக்கு அடியில் வைக்கும் வெள்ளை ஓடுகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். எந்தப் பிள்ளைக்குக் கை நடுங்கும், எது அவசரக்குடுக்கை என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மேற்பார்வை பார்க்க வேண்டிய நான் தினம் பத்து நிமிஷம் எட்டிப் பார்த்ததோடு சரி. 'ஆ' பிரிவிலும் நான் பெரிதாக ஒன்றும் வெட்டி முறிக்கவில்லை. நிறம் போவதைத் தூக்கிக் காட்டிவிட்டு, அளவைப் படிக்கப் பொறுமையில்லாமல், "இந்த இடத்துல இருக்கறதைப் பாத்து அப்படியே எழுதணும், புரியுதா" என்று சொல்லி மூடிவைத்துவிடுவேன்.

தேர்வன்று வந்த ஆசிரியை கெட்டிக்காரி. அமிலத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து தன் பையில் கொண்டுவந்திருந்தார். நீர்த்த அமிலம் அதிகம் செலவாகும், அளவு இருபத்துநான்கு வர வேண்டும். யாரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. லேப் ஆளும் உள்ளே வரக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டார்.

'ஆ' பிரிவுப் பிள்ளைகள் திணறினார்கள். ஒருவன் பியூரெட்டில் காற்றுக்குமிழோடு ஆரம்பித்தான், ஒருத்தி புனலை எடுக்க மறந்தாள். ஆனால் வந்ததை எழுதினார்கள். இருபத்துமூன்றரை, இருபத்துநான்கு, இருபத்தைந்து. 'அ' பிரிவின் கைகளைப் பார்த்து அந்த ஆசிரியையே அசந்துபோனார். அப்படி ஒரு பழக்கம், ஒரு சொட்டு சிந்தவில்லை. முப்பது பேரில் இருபத்தாறு பேர் பத்தொன்பதரை என்று எழுதியிருந்தார்கள்.

வெளியே நின்ற அவளைத் தலைமையாசிரியை உள்ளே அழைத்தார். இருபத்துநான்கு வந்திருக்க வேண்டும் என்று கேட்டு, தாள்களைப் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துவிட்டது. முதல் வரிசைச் சிறுமி ஒருத்தி அழுதுகொண்டே சொன்னாள்: "எனக்கு இருபத்துநாலுதான் மிஸ் வந்துச்சு. மூணு தடவையும் அதான் வந்துச்சு. தப்பா பண்ணிட்டேன்னு நெனச்சு மாத்தி எழுதிட்டேன்."

"இது செய்முறை தோத்ததில்ல மேடம்," என்றேன் நான். "கையால செஞ்சாங்க, ஆனா கண்ணால பாக்க நாம விடல. 'ஆ' பிரிவுக்கு நான் அளவே சொல்லல, அதான் தப்பிச்சாங்க." வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் பக்கம் பேசினேன். தலைமையாசிரியை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஜெயிச்சப்புறம் எதுக்கு சார் குழப்பறீங்க?" என்றார். கம்ப்யூட்டர்களுக்கு அன்றே கடிதம் போனது.

லேபைக் காலி செய்த அன்று மத்தியானம் நான் போனேன். பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் கட்டியாகிவிட்டது, ஒரே ஒரு பியூரெட் மட்டும் தாங்கியில் நின்றது.

"சார், நான் இதுவரைக்கும் கடைசிவரை செஞ்சு பாத்ததே இல்ல. ஒரு தடவை செய்யட்டுமா?"

அவளே வழக்கமான அளவில் கலந்து வைத்திருந்த அமிலம், காரம். இருபது மில்லி எடுத்தாள். சொட்டுகளை எண்ணுவதுபோல் விட்டாள். நிறம் போன இடத்தில் நிறுத்திக் குனிந்து படித்தாள். நானும் குனிந்தேன். இருபத்தொன்று புள்ளி இரண்டு. மறுபடி செய்தாள். இருபத்தொன்று புள்ளி இரண்டு. மூன்றாவது தடவையும் அதேதான்.

பெட்டியிலிருந்து அமில பாட்டிலை எடுத்து லேபிளைப் பார்த்தேன். அமிலம் இப்போது வேறு கம்பெனியிலிருந்து வருகிறது. கொஞ்சம் வீரியம் குறைவாக இருக்கலாம். என்றைக்கு மாறியது என்று யார் கண்டது?

"அப்ப பத்தொன்பதரைன்னு யாரு சார் சொன்னது?"

"நீதானே எல்லாருக்கும் சொல்லிட்டிருந்த?"

"நீங்க சேந்த வருஷம் போர்டுல எழுதிப் போட்டீங்க. அதைப் பாத்துத்தான் மனப்பாடம் பண்ணேன்."

ஆமாம், எழுதினேன். எனக்கு முன்னால் இருந்தவரின் நோட்டிலிருந்து எடுத்து எழுதினேன். ஒருநாளும் செய்து பார்க்கவில்லை.

அவள் குடுவையை வெள்ளை ஓட்டின் மேல் வைத்தாள்.

"நான் சொன்னதைக் கேக்காம, வந்ததை எழுதுன புள்ளைங்களும் இருந்துச்சுங்க சார். வருஷத்துக்கு ரெண்டு மூணு. அதுங்களுக்குத்தான நீங்க மார்க்கை வெட்டுனீங்க?"

ஆமாம் என்றேன். அவள் பியூரெட்டைக் கழுவி, வழக்கம்போலத் தலைகீழாக மாட்டினாள்.