மேற்படித் தெரு

கருட சேவைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போனவன், மகள் இல்லாமல் நடுவீதியில் நின்றால் எப்படி இருக்கும்? போன வாரம் எனக்குத் தெரிந்தது.

பெரிய காஞ்சிபுரம் கடைவீதி. பெருமாள் எதிரே வந்தார். அவள் கையை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினேன்... கண்ணைத் திறந்தால் ஆறு வயது ரங்கநாயகி இல்லை!

மேலும் கீழும் ஓடினேன். கண்டவரையெல்லாம் கேட்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

குழந்தை நின்றது அத்தர் கடை வாசலில். கடைக்கார ஹுசேன் சாயபு பிறகு என்னிடம் சொன்னதைத்தான் இனி எழுதுகிறேன்.

"இன்னாம்மா அழுதுகினு நிக்கிறே? வூடு எங்கே?"

இதற்காகவே காத்திருந்தவள் போல ரங்கா கையைக் கட்டிக்கொண்டாள். அழுகை நின்றது.

"பேர் ரங்கநாயகி, தகப்பனார் வரதன், கதவு நம்பர் பதினொண்ணு, மேற்படித் தெரு, சின்ன காஞ்சிபுரம்!"

சாயபுவுக்குச் சந்தோஷம். இத்தனை தெளிவாகச் சொல்கிற குழந்தையைக் கொண்டுபோய் விடுவது ஒரு வேலையா? கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, ஜட்கா பிடித்து அவளை ஏற்றிக்கொண்டார்.

சின்ன காஞ்சிபுரம் வந்ததும் வண்டிக்காரர் குதிரையை நிறுத்தினார்.

"மேற்படித் தெருவா? இருபது வருசமா வண்டி ஓட்டிக்கினு கீறேன் பாய், அப்படி ஒரு தெருவே கெடையாது!"

தகப்பன் பேரை வைத்துத் தேடலாமே என்பீர்கள். வரதராஜப் பெருமாள் ஊரில் வரதன் என்று குரல் கொடுத்தால் வீட்டுக்கு ஒருவர் எட்டிப் பார்ப்பார். ஏழெட்டு வரதன்கள் வந்து பார்த்தார்கள். யாருக்கும் குழந்தை காணாமல் போகவில்லை.

"தெரு பேர் இன்னாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"பேர் ரங்கநாயகி, தகப்பனார் வரதன்..." என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். நடுவில் நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து! மனப்பாடத்துக்கு ஒரே ஒரு வாசல்தான். இடையில் நுழைய முடியாது. மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதே மேற்படி. நாலாவது தடவை உதடு பிதுங்கியது.

அப்போதுதான் சாயபுவுக்குப் பொறி தட்டியது. அவரும் சரக்கு ஜாபிதா எழுதுகிறவர். 'ரோஜா அத்தர், பெரிய புட்டி' என்று ஒரு வரி எழுதினால், அடுத்த வரியில் 'மல்லிகை அத்தர், மேற்படி புட்டி' என்பார். மேற்படி என்றால் மேல் வரியைப் பார் என்று அர்த்தம். அப்படியானால் இந்தக் குழந்தைக்கு மேல் வரி எது?

"இத யார்மா சொல்லிக் குடுத்தது?"

"டீச்சர். புஸ்தகத்தைப் பார்த்துப் படிப்பா. நாங்க எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம்."

"உனக்கு முன்னாடி யாரு பேரு?"

"கோமளா. பேர் கோமளவல்லி, தகப்பனார் ராகவன், கதவு நம்பர் ஏழு, மேற்படித் தெரு..."

"அடக் கடவுளே!" என்றார் வண்டிக்காரர்.

சாயபு விடவில்லை. "எல்லாருக்கும் முதல்ல யாரு? அங்கேருந்து சொல்லும்மா, கேப்போம்."

ரங்கா கண்ணை மூடிக்கொண்டு, உடம்பை ஆட்டிக்கொண்டு, வகுப்பு முழுவதுக்குமான ராகத்தில் தொடங்கினாள். "பேர் அலமேலு, தகப்பனார் கேசவன், கதவு நம்பர் மூணு, குளத்தங்கரைத் தெரு..."

"ஹை! ஹை!" என்று குதிரையைத் தட்டினார் வண்டிக்காரர்.

மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஜட்கா நின்றது. ரங்கா உள்ளே மோர் குடித்துக்கொண்டிருந்தாள். சாயபுவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"கொழந்த மேல தப்பில்ல சாமி. டீச்சரம்மாவும் வெளியூர்ன்றாங்க, இருக்கறத அப்படியே படிச்சிருப்பாங்க. அந்த ரிஜிஸ்தர எழுதின ஆளுதான் சோம்பேறி!" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று போன வருஷம் பள்ளிக்கூடத்தார் என்னைக் கூப்பிட்டுத்தான் அந்த ரிஜிஸ்தரை எழுதச் சொன்னார்கள். வாரம் தவறாமல் இந்தப் பத்தியில் ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு, சொந்தத் தெருவின் பேரை இன்னொரு தடவை எழுதக் கை வலித்திருக்கிறது.

மறுநாள் பள்ளிக்கூடம் போய், மேற்படிகளையெல்லாம் அடித்துவிட்டு ஒவ்வொரு வரியிலும் தெருவின் பேரை முழுசாக எழுதினேன். சாயங்காலம் ரங்காவை உட்காரவைத்து, "குளத்தங்கரைத் தெரு, சொல்லு" என்றேன்.

"அது அலமேலுவோட தெருப்பா," என்றாள் பொறுமையாக. "நம்ம தெரு மேற்படி!"